அந்த "உடை"க்கு சிரிச்சவங்களுக்கு

ரெண்டு நாளா பாண்டி, கடலூர் குரூப் எல்லாத்துலயும் சுத்துற அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. கடை பேரை நான் இங்க எழுதப் போறதில்ல. மிக்சி கடையோட வாட்ஸ்அப்புக்கு ஒருத்தங்க ஒவ்வொரு வார்த்தையா அனுப்பியிருக்காங்க. 11:02க்கு "வணக்கம்". கடை உடனே "வணக்கம் சொல்லுங்க". 11:03க்கு "மிக்சி". கடை, "என்ன மிக்சி? வாங்கவா ரிப்பேரா?" பதில் வர்றதுக்குள்ள கடையே மறுபடி "ஹலோ". 11:04க்கு "ஜார்". கடை, "??". 11:05க்கு "உடை". அதுக்குக் கடைக்காரர், "ஒரே வரில அனுப்ப மாட்டீங்களா? டைம்பாஸ் பண்ண வேற ஆள் பாருங்க"ன்னு போட்டுட்டு பிளாக் பண்ணிட்டார். அதைப் பெருமையா பகிரவும் செஞ்சுட்டார். கீழ கமெண்ட்ல "மிக்சிக்கு உடை வேணுமாம்"னு சிரிப்பு.

அதே கமெண்ட்ல அவங்க தெருக்காரர் ஒருத்தர் வந்து, அந்தம்மாவுக்குக் கண் பார்வை இல்லைங்க, திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடரை போன்ல வெச்சுதான் எழுதுறாங்கன்னு சொல்லிட்டார். சொல்லி ஒரு நாள் முழுசா ஆச்சு. பதிவை இன்னும் எடுக்கல. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அவங்க ஒரே வரியில அனுப்பாதது சோம்பேறித்தனமோ விளையாட்டோ இல்ல. அந்த போன்ல அந்த வரி எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா இது புரிஞ்சிடும்.

ஆண்ட்ராய்டு போன்ல டாக்பேக்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர் வசதி இருக்கு. அதை ஆன் பண்ணினா கீபோர்டு மேல விரலை வெச்சு நகர்த்தணும். விரல் எந்த எழுத்து மேல போகுதோ அதை போன் வாயால சொல்லும். வேண்டிய எழுத்து காதுல விழுந்ததும் விரலை எடுத்தா அது பதிவாகும். அதாவது எழுத்து விழுறது விரலைத் தூக்கும்போது. இதை மனசுல வெச்சுக்குங்க, அந்த "உடை" இதுலதான் வந்துச்சு.

அவங்க கேக்க நினைச்சது "மிக்சி ஜார் உடைஞ்சிடுச்சு புதுசு கிடைக்குமா" மாதிரி ஏதோ ஒண்ணுன்னு வெச்சுக்குவோம். உங்களுக்கு அஞ்சு வார்த்தை. அவங்க விரலுக்கு அது எவ்வளவுன்னு எண்ணிப் பாருங்க. "மிக்சி"க்கு ம, இகரக் குறி, க, புள்ளி, ச, மறுபடி இகரக் குறி, ஆறு தொடுதல். "ஜார்" நாலு. "உடைஞ்சிடுச்சு" மட்டும் பதிமூணு. "புதுசு" ஆறு, "கிடைக்குமா" பத்து. இடைவெளி நாலையும் சேர்த்தா 43. ஒவ்வொண்ணுக்கும் தேடி, கேட்டு, விரலை எடுக்க நாலு செகண்ட்னு வெச்சாக்கூட 172 செகண்ட். மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி, அதுவும் ஒரு தப்புகூட விடாம இருந்தா. கடைக்காரர் வணக்கத்துலேர்ந்து பிளாக் வரைக்கும் கொடுத்தது அதே மூணு நிமிஷம். அதுலயும் பாதி நேரம் அவரே பேசிட்டிருந்தார்.

அப்போ முழுசா எழுதி முடிச்சுட்டு ஒரே தடவையா அனுப்பலாமேன்னு கேப்பீங்க. கேட்டாங்க, நேத்தே மூணு பேர் இன்பாக்ஸ்ல கேட்டாங்க. தப்பைத் திருத்துறது எப்படின்னு யோசிங்க. நமக்குக் கண்ணு ஒரு நொடியில வரி மேல ஓடிடும். அவங்களுக்கு வால்யூம் பட்டனை அழுத்தி கர்சரை எழுத்து எழுத்தா நகர்த்தி, ஒவ்வொண்ணையும் காதால கேட்டு, தப்பான இடத்துல நிறுத்தி அழிக்கணும். தமிழ்ல இன்னொரு கஷ்டம், ந ன ண மூணும் போன் குரல்ல கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான் கேக்கும். ல ள, ர ற அதே கதி. நாப்பது எழுத்து தள்ளி வந்த பிறகு திரும்பிப் போய் தேடுறதைவிட, ஒரு வார்த்தை சரியா விழுந்ததுன்னு கேட்டதும் அதை அனுப்பிட்டு அடுத்ததுக்குப் போறது பத்திரம். அனுப்பின வார்த்தை கெட்டுப் போகாது. எழுதிட்டிருக்கற பெட்டியில இருக்கற வார்த்தை ஒரு தப்பு விரல்ல போயிடும். ரொம்ப நாளா இப்படி எழுதுறவங்க அனுபவத்துல கண்டுபிடிச்ச வழி இது.

இன்னொரு காரணமும் இருக்கு. பேசாம மூணு நிமிஷம் இருந்தா எதிர்ல இருக்கறவர் போயிடுவார்னு அவங்களுக்குத் தெரியும். நான் இங்கதான் இருக்கேன்னு காட்ட அந்த ஒத்தை வார்த்தை.

இப்போ "உடை"க்கு வர்றேன். "உடைஞ்சிடுச்சு"ன்னு எழுத உ, ட, ஐகாரக் கொம்பு போட்டாச்சு. அடுத்து ஞ. அடிக்கடி வராத எழுத்து, விரல் அதைத் தேடி கீபோர்டு முழுக்க அலையும். சரியா அந்த நேரத்துல கடையோட "??" வந்து விழுது. டாக்பேக் என்ன செய்யும்? புதுசா வந்த மெசேஜைப் படிக்க ஆரம்பிச்சுடும். விரலுக்குக் கீழ இருக்கற எழுத்தைச் சொல்ற குரலும் அதேதான், ஒரே நேரத்துல ரெண்டு சொல்லாது. எழுத்து எதுன்னு கேக்காம விரல் எழும்பும். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல `Enter is send` ஆன்ல இருந்தா கீபோர்டோட வலது கீழ் மூலைதான் அனுப்புற பட்டன். விரல் அங்க எழும்பினா பாதி வார்த்தை போயிடும். பக்கத்துல உட்கார்ந்து நான் பார்க்கல. ஆனா அந்த நேரங்களை வரிசையா வெச்சுப் பார்த்தா எனக்கு வேற விளக்கம் கிடைக்கல. நீங்க எல்லாரும் சிரிச்ச அந்த "உடை" அவங்க தப்பு இல்ல. கடைக்காரர் அனுப்பின "??" உண்டாக்கினது.

"சொல்லுங்க", "ஹலோ", "??"ன்னு நாம அவசரப்படுத்துற ஒவ்வொரு மெசேஜும் அவங்க காதுக்குள்ள போய் எழுத்தை மறைக்குது. அவசரப்படுத்தினா வேகம் கூடாது, குறையும். கம்ப்யூட்டர்ல என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர் வெச்சு இணையதள சாட் பெட்டியில எழுதுறவங்களுக்கும் இதேதான். அங்க இன்னொரு சிக்கல், என்விடிஏ படிக்கிற நிலையில இருக்கும்போது எழுத்துகளே குறுக்குவழிக் கட்டளை. h அழுத்தினா அடுத்த தலைப்புக்குப் போகும், k அழுத்தினா அடுத்த லிங்க்குக்கு. எழுதுற நிலைக்கு மாற பெட்டி மேல எண்டர் அழுத்தணும். மாறிடுச்சான்னு சந்தேகத்துல இன்னொரு தடவை அழுத்தினா, பெட்டியில இருந்த அரை வார்த்தை அனுப்பப்பட்டுடும்.

"சார், கடையில ஒரே ஆள், ஒரே நேரத்துல பத்து சாட் பார்க்கணும்"னு சொல்றவங்களை நான் மதிக்கிறேன். அது உண்மைதான். ஆனா காத்திருக்கறதுக்குக் கையும் காலும் கட்டிப் போட வேண்டியதில்ல. மத்த ஒன்பது பேரைப் பாருங்க. இந்த ஒரு சாட்டை மூடாம விடுங்க, அவ்வளவுதான் கேக்குறேன். "ஹாய்"னு போட்டுட்டு ஓடிப் போறவங்களும் இருக்காங்க, ஒத்துக்குறேன். திறந்தே கிடக்குற சாட்டால கடைக்கு என்ன நஷ்டம்?

வாய்ஸ் மெசேஜ் போடலாமேன்னு சொல்றவங்களுக்கு: சிலர் போடுறாங்க, சந்தோஷம். ஆனா டாக்பேக்ல மைக் பட்டனைத் தேடி, ரெண்டு தட்டு தட்டி, ரெண்டாவதுல விரலை எடுக்காம அழுத்திப் பிடிக்கணும். பேசும்போது போனோட குரலும் சேர்ந்து பதிவாகலாம். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்க, பேச்சுத் தடை இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? போட்டாலும், "கேக்க முடியல, டைப் பண்ணுங்க"ன்னு பதில் போடுற கடைகள் எத்தனை!

"பார்வை இல்லன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே"ங்கறதுக்குத்தான் எனக்குக் கோபம் வருது. "எனக்குப் பார்வை இல்லை"ன்னு எழுத 21 தொடுதல். ஒரு மிக்சி ஜார் வாங்க எதுக்குங்க அவங்க உடம்பு விவரத்தை முன்கூட்டியே ஒப்படைக்கணும்? உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?

கடலூர் ஓ.டி. பக்கம் ஒரு மருந்துக்கடைத் தம்பி இருக்கார். அவருக்குக் கை நடுக்கம் இருக்கற ஒரு பெரியவர் வாடிக்கை. அந்த ஐயாவோட மெசேஜ் "ததம்பி"ன்னு எழுத்து ரெட்டையா வரும், அப்புறம் "பிபி", அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு "மாத்". தம்பி முதல் வார்த்தைக்கு ஒரே ஒரு பதில் போடுவார்: "பார்த்துட்டேன் ஐயா, இங்கதான் இருக்கேன், நிதானமா அனுப்புங்க." அப்புறம் வாயே திறக்க மாட்டார். போனை ஓரமா வெச்சுட்டு வேலையைப் பார்ப்பார். அது போதும். அந்த ஒரு வரி வந்துட்டா, போயிடுவாங்களோன்னு பயந்து வார்த்தையைத் துண்டு துண்டா அனுப்ப வேண்டிய அவசியமே பாதி குறைஞ்சிடும்.

எப்போ பதில் சொல்லணும்னு கேட்டா, வினைச்சொல் வர்ற வரைக்கும் பொறுங்க. தமிழ்ல என்ன வேணும்ங்கறது கடைசியிலதான் வரும். "மிக்சி ஜார்"ங்கறதுல வாங்கவா, மாத்தவா, திருப்பிக் கொடுக்கவா, எதுவும் தெரியாது. "கிடைக்குமா" வந்த பிறகுதான் கேள்வியே பிறக்குது. "டைப்பிங்"னு மேல காட்டுறது நின்னு போச்சேன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. எழுதினதைக் காதால சரி பார்த்துட்டிருக்கும்போதும் அது நின்னு போகும். ஏதாவது கேக்கணும்னா ஒரே ஒரு கேள்வி, "ஆமா", "இல்ல"ன்னு முடியற மாதிரி. விலைப் பட்டியலைப் படமா அனுப்பாதீங்க, படத்துல இருக்கற எழுத்து அவங்களுக்கு வெறும் "படம்"னு கேக்கலாம். ஜார் விலை என்னவோ அதை எழுத்துல போடுங்க.

இணையதள சாட்ல ரெண்டு நிமிஷத்துல தானா மூடுற கடிகாரம் வெச்சிருக்கறவங்களுக்கும் ஒண்ணு. உலகம் முழுக்கப் பின்பற்றுற இணைய அணுகல் வழிகாட்டியில, நேரக் கட்டுப்பாட்டை நிறுத்தவோ மாத்தவோ வழி இல்லைன்னா, நேரம் முடியறதுக்கு முன்னாடி எச்சரிக்கை கொடுத்து, ஒரு பட்டனைத் தட்டி நீட்டிக்க குறைஞ்சது 20 செகண்ட் கொடுக்கணும், அப்படிப் பத்துத் தடவையாவது நீட்டிக்க விடணும்னு அடிப்படை நிலையிலேயே சொல்லியிருக்கு. நம்ம நாட்டுலயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கு. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகறது வாழ்வுரிமையோட சேர்ந்ததுன்னு தீர்ப்பே சொல்லிடுச்சு.

சட்டத்தை விடுங்க. அந்த ஸ்க்ரீன்ஷாட்ல அவங்க போன் நம்பர்கூட மறைக்கல. தெருக்காரர் சொன்ன பிறகும் அதை எடுக்கல.

வாட்ஸ்அப்ல பிளாக் பண்ணினா எதிர்ல இருக்கறவருக்கு எதுவும் அறிவிப்பு வராது. அனுப்புறது எல்லாம் ஒத்தை டிக்கோட நிக்கும், டாக்பேக் அதை "அனுப்பப்பட்டது"ன்னுதான் படிக்கும். அந்தம்மா அதுக்கப்புறமும் உட்கார்ந்து, "உடை"ன்னு தப்பாப் போயிடுச்சேன்னு ஞ-வைத் தேடி, மீதி வார்த்தையை எழுதி அனுப்பிட்டு, பதில் வரும்னு காத்துட்டிருந்திருப்பாங்க.