இரண்டு நாள் என்றால் எத்தனை நாள்?

அந்த அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். '13, 14 ஆகிய இரு நாட்களும் குடிநீர் விநியோகம் இருக்காது. பொதுமக்கள் போதிய அளவு நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளவும்.' கீழே ஒரு தொலைபேசி எண். உள்ளாட்சி அலுவலகம் தன் இணையப் பக்கத்தில் அதைப் போட்டது 12ஆம் தேதி இரவு 7 மணிக்கு.

எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். கடைசியாக வந்தது 9ஆம் தேதி. அடுத்த முறை 13. அப்படியென்றால் 12ஆம் தேதி இரவு எதைச் சேமிப்பது, காற்றையா?

சரி, அது போகட்டும். என் கேள்வி ஒன்றுதான்: எங்கள் முறை இரண்டு நாள் தள்ளிப்போகிறதா, இல்லை அந்த முறையே போய்விட்டதா? தள்ளிப்போனால் 15ஆம் தேதி வரும். போய்விட்டதென்றால் 17. அதாவது 9க்கும் 17க்கும் நடுவே எட்டு நாள். அறிவிப்பில் இருப்பது குழாயில் வேலை நடக்கும் தேதி. எனக்கு வேண்டியது என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் தேதி.

உடனே ஒருவர் வருவார், "உடைந்த குழாயைச் சரி செய்ய வேண்டாமா?" என்று. செய்யட்டும் ஐயா, யார் தடுத்தார்கள்? வெல்டிங் முடிந்ததும் காலியான பிரதான குழாய் நிறைய வேண்டும், அப்புறம் மேல்நிலைத் தொட்டி நிறைய வேண்டும், அதன் பிறகுதான் தெருக்களுக்குத் திறக்க முடியும் என்று எனக்கும் தெரியும். அந்தக் கணக்கையும் சேர்த்து ஒரு தேதி போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். "போர் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

அந்த எண்ணுக்கு நான்கு முறை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வால்வு திறக்க வருபவரைத் தெருமுனையில் பிடித்துக் கேட்டேன். "உங்களுக்கு 17தான் சார். 15ஆம் தேதி வேற தெரு முறை" என்றார், யோசிக்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஒரு வரியாக எழுதத்தான் அறிவிப்பில் இடமில்லை. பெரியவர்களின் படங்களுக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

அம்மாவுக்கு 74 வயது. அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது அவர் வழக்கம். இந்த வாரம் அதில் பாத்திரம் தேய்க்கிறார். "எனக்குக் குளியல் வேண்டாம்ப்பா, வேர்க்கவே இல்லை" என்கிறார். ஃபேனுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு.

நேற்று கொசு ஒழிப்புக்கு வந்தவர்கள் டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதுமாம். அதனால் வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டுமாம். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் எட்டு நாள் தண்ணீர் வராத வீட்டில் ஏழாம் நாள் டிரம்மைக் கவிழ்ப்பது எப்படி? அபேட் மருந்தை ஊற்றிவிட்டு, அடுத்த முறை புழு இருந்தால் அபராதம் என்று சொல்லிப் போனார்கள். சேமிக்கச் சொன்னதும் அதே அலுவலகம்தான்.

இன்று 16. டிரம்மில் நான்கு விரல் தண்ணீர் இருக்கிறது.