இரண்டாயிரம் எண்டு எழுதக் கை கூசுதோ?

தீபாவளிக்குப் பிள்ளையளுக்கு உடுப்பெடுக்கப் பெரியகடைப் பக்கம் போனன். ஒரு சட்டை 1,990. மற்றதுகள் 2,990, 4,990. ஒரு விலையாவது முழுசா நிக்கக் கூடாதோ? நாங்கள் இடப்பக்கத்தில இருந்துதானே வாசிக்கிறம். முதல் கண்ட 1 மனசில ஒட்டிக்கொள்ளும், பின்னால வாற 990 கரைஞ்சு போகும். அந்த 1,990 சட்டையில நாலு எடுத்து, ஒவ்வொண்டையும் "ஆயிரத்துச் சொச்சம்" எண்டே எண்ணி 6,000 ரூபாயோட நிண்டன். பில் 7,960! எட்டாயிரத்துக்கு வெறும் 40 ரூபாய்தான் குறைவு. அதுக்கோ இவ்வளவு வித்தை?

அம்மா விலைச்சீட்டைக் கண்டவுடன "ரெண்டாயிரம்" எண்டு வாய்விட்டுச் சொல்லுவா. 1,990க்கும் 2,050க்கும் இடையில எனக்கு ஆயிரம் வித்தியாசமாத் தெரியிறது, அவவுக்கு அறுபதாத்தான் தெரியும்.

99 ரூபாய்ச் சாமானுக்கு 100 குடுத்தால் அந்த ஒரு ரூபாயாவது திரும்பி வருதோ? டொஃபிதான் வருது!