55 நாளில் வரும் பணத்துக்கு 30 நாள் கெடுவாம்!

சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் சிறிய பட்டறை என்னுடையது. மருந்து கம்பெனி ஒன்று 9 லட்ச ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. கிராஃப்ட் காகித ரீலைக் காகித ஆலை கடனுக்குத் தராது, ரொக்கம் வேண்டும். என் ஓவர்டிராப்ட் வரம்பு 20 லட்சமும் எடுத்தாகிவிட்டது. அதனால் 60 நாளைக்கு மட்டும் கூடுதலாக 4 லட்சம் கேட்டு வங்கிக்கு எழுதினேன். ஏதோ அவர்கள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டுவிட்டதைப்போலப் பார்த்தார் மேலாளர்.

நான் கைவீசிக்கொண்டு போகவில்லை. மாதந்தோறும் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அவர்கள் மேசையிலேயே இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய சரக்கு 12 லட்சம். அதில் கால்பங்கு மார்ஜின் கழித்தால் 9. வரவேண்டிய பாக்கி 28 லட்சம்; 90 நாள் தாண்டிய 3 லட்சத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, சரி. மீதி 25 லட்சத்தில் நாற்பது சதவீதம் கழித்தால் 15. ஆக, நான் எடுக்கத் தகுதியான மொத்தத் தொகை, அதாவது டிராயிங் பவர், 24 லட்சம். வங்கி தானே வகுத்த விதிப்படி, நான் கேட்ட 4 லட்சத்துக்கு ஈடு ஏற்கெனவே இருக்கிறது!

அதைப் பார்க்காமல், ஆர்டரில் கையொப்பம் இல்லை என்றார்கள். "கணினியில் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை" என்று கம்பெனியே அடியில் அச்சிட்டிருந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, "சீல் வாங்கி வாருங்கள்" என்றார் கடன் பிரிவு அதிகாரி. அந்தக் கம்பெனியின் கொள்முதல் அலுவலகம் மும்பையில். சீல் கேட்டால் அங்கே இருப்பவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? ஆர்டரை அனுப்பிய மின்னஞ்சலையே காட்டினேன், ஏற்கவில்லை. "வீட்டில் நகை இருக்குமே சார், அடகு வைத்தால் சாயங்காலமே பணம்" என்று யோசனை வேறு. என் மனைவியின் வளையல்தான் எங்கள் ஊர் வங்கிகளின் கடன் கொள்கை போலும்.

கடைசியில் ஒப்புதல் கடிதம் வந்தது. 2 லட்சம், 30 நாள். தொகையைக்கூட விடுங்கள், பாதி காகிதமாவது எடுத்து வேலையைத் தொடங்கலாம். நாள் கெடுவைத்தான் பொறுக்க முடியவில்லை. பெட்டி செய்ய 10 நாள். சரக்கு போனபின் கம்பெனி பணம் தர 45 நாள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டமே அந்த அவகாசத்தை அனுமதிக்கிறது. 55 நாளில் வரும் பணத்தை 30 நாளில் எப்படிக் கட்டுவது? 31ஆம் நாள் கணக்கு வரம்பு மீறும், அபராதம் ஏறும், அடுத்த முறை போனால் "உங்கள் கணக்கு ஒழுங்காக இல்லையே சார்" என்று அதே நாற்காலியிலிருந்து அதே மனிதர் சொல்வார். இந்த 55 நாளும் என் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தது. யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அந்தப் பக்கத்தையே நகலெடுத்து, நாளை மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.