ஒரு மாதப் பேப்பர் டிரேடிங் காட்டாதது

“ஒரு மாதம் பேப்பர் டிரேடிங்கில் லாபம் வந்தால் போதும், நிஜப் பணத்திலும் அதே முடிவுதான் வரும்.”

நிஜப் பணம் போடாமல் வர்த்தகத்தைக் கணக்கில் மட்டும் எழுதிப் பார்க்கும் பேப்பர் டிரேடிங் பற்றி இந்த விவாதத்தில் ஒருவர் சொன்னது இது. ஆனால் குறித்த விலையிலோ அதைவிட நல்ல விலையிலோ மட்டும் வாங்கவோ விற்கவோ சொல்லும் லிமிட் ஆர்டரை நம்பும் உத்திக்கு இது பொருந்தாது. 100-இல் வாங்கி, 102-இல் விற்று, 99-இல் நஷ்டத்தை நிறுத்தும் உத்தியை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் 20 வர்த்தகங்களில் 12 வெற்றி, 8 தோல்வி என்றால், காகிதத்தில் 24-இல் 8 போக 16 புள்ளிகள் லாபம். ஆனால் பல பேப்பர் கணக்குகள் விலை 100-ஐத் தொட்டதுமே வாங்கியதாக எழுதிவிடுகின்றன. நிஜச் சந்தையிலோ உங்களுக்கு முன்னால் 8,000 பங்குகள் வரிசையில் நிற்க, 3,000 மட்டும் கைமாறி விலை மேலே திரும்பினால், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. தோற்கும் வர்த்தகத்தில் விலை 100-ஐ ஊடுருவிக் கீழே போவதால், அவை அனைத்தும் தவறாமல் கிடைக்கும். வெற்றிகளில் ஐந்து இப்படி நழுவினாலே, கட்டணத்துக்கு முன்பே மிஞ்சுவது 6 புள்ளிகள்தான்.

அப்போது கிடைக்கும் விலையில் உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் இது தீரும் என்று அதே விவாதத்தில் இன்னொருவர் சொன்னது பாதி சரி. வர்த்தகம் உறுதியாக நடக்கும், ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு முறையும் நீங்களே கொடுக்க வேண்டும்.

உங்கள் பதிவேட்டில், விலை 100-க்குக் கீழே ஒரு படியாவது இறங்கியவற்றை மட்டும் வாங்கியதாக வைத்து மறுபடி கணக்கிடுங்கள். இது சற்றுக் கடுமையான கணக்கு. உண்மை முதல் கணக்குக்கும் இதற்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்பதை மிகச் சிறிய நிஜ ஆர்டர்களே காட்டும்.