“அந்தக் காலத்து அளவுகோல்” என்றால், அளந்து காட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும், காணொளியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே யார் என்ன சொன்னார் என்பதை நான் மறுபடி எழுதப் போவதில்லை. பழைய பாபிலோன் அரசர் ஹமுராபியின் சட்டத்தில் மேல்குடியினர் கண்ணுக்கு ஒரு தண்டனையும் எளியவர் கண்ணுக்கு வேறொரு தண்டனையும் இருந்ததே என்று நான் தொடங்கிய உடனே, “இன்றைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்காதீர்கள், அந்தக் காலத்து அளவுகோலில் அது நியாயமான சட்டம்தான்” என்று தீர்ப்பு வந்துவிட்டது. கைதட்டலும் வந்தது. ஒலிவாங்கி அடுத்தவரிடம் போய்விட்டது. சபை நாகரிகம் கருதி அன்று உட்கார்ந்துவிட்டேன். இது என் பக்கம், இங்கே ஒலிவாங்கி என்னிடம்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய சட்டத்தை அதன் காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. என் வருத்தமெல்லாம், அதைச் சொன்னவர்கள் எவரும் அளக்கவில்லை என்பதுதான். அளவுகோல் என்ற சொல்லை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு, அளந்து முடித்துவிட்டவர்களைப்போல எழுந்து போய்விட்டார்கள். அந்தக் காலத்து அளவுகோல் என்றால், அதே நிலப்பரப்பில், அதே காலத்தை ஒட்டி, வேறு அரசர்களும் ஊர்ச் சபைகளும் எதை நியாயம் என்று எழுதிவைத்தார்கள் என்பதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகும். அப்படி எதுவும் கிடைக்காமல் போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் கிடைத்திருக்கிறது.

ஹமுராபி இன்றைய ஈராக்கிலிருந்த பாபிலோனை கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்டவர். அவருடைய சட்டம் பொறித்த கல்தூண் 1901-02இல் இன்றைய ஈரானிலுள்ள சூசாவில் தோண்டி எடுக்கப்பட்டது. இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது கிடைத்தபோது அதைவிடப் பழைய சட்டத் தொகுப்பு எதுவும் உலகுக்குத் தெரியாது. “உலகின் முதல் சட்டம், ஆகவே ஒப்பிட ஒன்றுமில்லை” என்ற பேச்சு அன்றைக்குப் பிறந்தது. 1940களின் பிற்பகுதியில் எஷ்னுன்னா நகரத்தின் சட்டமும், 1952இல் ஊர் என்ற பழைய நகரத்தை ஆண்ட ஊர்-நம்மு அரசரின் சட்டமும் வெளியாயின. ஊர்-நம்முவின் சட்டம் ஹமுராபிக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முந்தையது. எஷ்னுன்னாவோ ஹமுராபியே படையெடுத்துப் பிடித்த பக்கத்து அரசு. அதன் சட்டம் அவர் காலத்தை ஒட்டியே எழுதப்பட்டது. கைதட்டியவர்கள் 1902ஆம் ஆண்டிலேயே தங்கிவிட்டார்கள் என்பது என் எளிய சந்தேகம்.

இப்போது அளப்போம். எஷ்னுன்னா சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஒருவன் இன்னொருவனின் மூக்கைக் கடித்துத் துண்டித்தால் ஒரு மினா வெள்ளி, கண்ணுக்கு ஒரு மினா, பல்லுக்கு அரை மினா, காதுக்கு அரை மினா, கன்னத்தில் அறைந்தால் பத்து ஷெக்கல் என்கிறது. ஒரு மினா என்பது அறுபது ஷெக்கல், அதாவது சுமார் அரைக் கிலோ வெள்ளி. அதே சட்டம் கூலியாளுக்கு மாதம் ஒரு ஷெக்கலும் உணவுத் தானியமும் தரச் சொல்கிறது. ஆக, ஒரு கண்ணின் விலை ஒரு கூலியாளின் ஐந்தாண்டுச் சம்பளம். ஊர்-நம்முவின் சட்டத்திலும் பாதத்தை வெட்டினாலும் எலும்பை உடைத்தாலும் வெள்ளிதான் அபராதம். இதுதான் அந்தக் காலத்து அளவுகோல். நான் இன்றைய நீதிமன்றத்திலிருந்து எதையும் கொண்டுவரவில்லை.

ஹமுராபி என்ன செய்தார்? மேல்குடியில் ஒருவன் தன் நிலையிலுள்ள இன்னொருவனின் கண்ணைப் போக்கினால் அவன் கண்ணைப் போக்க வேண்டும். எளியவனின் கண்ணைப் போக்கினால் ஒரு மினா வெள்ளி. அடிமையின் கண்ணைப் போக்கினால் அடிமையின் விலையில் பாதி. கண்ணுக்குக் கண் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் அந்த விதி, நமக்குக் கிடைத்துள்ள மெசபத்தோமியச் சட்டங்களில் முதன்முதலாக இங்கேதான் தலைகாட்டுகிறது. காலம் அவருக்குக் கொடுத்தது வெள்ளி அபராதம். கண்ணைப் பிடுங்குவதை எழுத்தில் சேர்த்தவர் அவர்.

“அபராதம் மட்டும் இருந்தால் பணக்காரன் காசை வீசிவிட்டு அடிப்பானே, அதைத் தடுக்கத்தானே உடல் தண்டனை?” என்று கேட்பீர்கள். இது நல்ல கேள்வி. மேடையிலிருந்தவர்களுக்கு இது தோன்றியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஊர்-நம்முவின் சட்டப்படி பல்லுக்கு இரண்டு ஷெக்கல்தான். வசதியுள்ளவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காசால் வாங்க முடியாத தண்டனையை ஹமுராபி கொண்டுவந்தார் என்று மெச்சிய அறிஞர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாதுகாப்பை யாருக்குக் கொடுத்தார் என்று பாருங்கள். தன்னளவு வசதியுள்ளவனை அடித்தால் காசு செல்லாது. தனக்குக் கீழே இருப்பவனை அடித்தால் காசு செல்லும். காசின் வலிமையிலிருந்து யாரைக் காக்க வேண்டுமோ அவனை மட்டும் பழைய விலைப்பட்டியலிலேயே விட்டுவிட்டார்.

அடுத்து, எனக்கு உண்மையாகவே பொறுக்காத இடம். கடனுக்காகப் பிணையாகப் பிடித்துவரப்பட்ட ஒருவன் கடன்கொடுத்தவன் வீட்டில் அடியாலோ கொடுமையாலோ இறந்தால் என்ன செய்வது? ஹமுராபியின் 116ஆம் பிரிவு, இறந்தவன் மேல்குடியினனின் மகனாக இருந்தால் கடன்கொடுத்தவனின் மகனைக் கொல்லச் சொல்கிறது. அடித்தது அப்பன், சாவது பிள்ளை. வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் இறந்தால், கட்டியவனின் மகனைக் கொல்ல வேண்டும். மேல்குடிப் பெண்ணொருத்தியை அடித்துக் கருக்கலைந்து அவள் இறந்தால், அடித்தவனின் மகளைக் கொல்ல வேண்டும். எஷ்னுன்னாவின் 24ஆம் பிரிவைப் பாருங்கள். கடன் பாக்கியே இல்லாமல் எளியவன் ஒருவனின் மனைவியையோ பிள்ளையையோ பிடித்துவைத்துச் சாகடித்தால், பிடித்தவனே சாக வேண்டும். சுவர் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று ஊர் அதிகாரிகள் சொன்ன பிறகும் சரிசெய்யாமல் விட்டு, அது விழுந்து ஒருவன் செத்தால், அது உயிர் சம்பந்தப்பட்ட வழக்காக அரசனிடம் போகிறது. பொறுப்பு சுவரின் சொந்தக்காரனுக்கே. வழக்குகள் அச்சாக ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். குற்றம் செய்தவனே தண்டனை பெற வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்துக்குத் தெரியாதது என்று மட்டும் இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். பக்கத்து ஊரில் அது களிமண் பலகையில் எழுதப்பட்டிருந்தது.

நான் ஹமுராபியின் மேல் வன்மம் வைத்திருப்பதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். ஹமுராபியின் 48ஆம் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் தாத்தாவின் நினைவு வரும். அவர் மானாவாரி நிலத்தில் பயிர்செய்தவர். மழை பொய்த்த ஆண்டில் புரோநோட்டு எழுதிக்கொடுத்து வாங்கிய பணம், அடுத்த ஆண்டும் மழை பொய்த்தபோது வட்டிக்கு வட்டியாக வளர்ந்து நிலத்தை விழுங்கியது. கடன் கொடுத்தவர் உறவுக்காரர், “வானம் பொய்த்ததற்கு நான் என்ன செய்வேன்?” என்று கேட்டாராம். அம்மா இதைச் சொல்லும்போது குரல் உயராது, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஹமுராபியின் தூணில், புயல் வயலை அடித்துப் போனாலோ தண்ணீரின்றிப் பயிர் விளையாமல் போனாலோ, அந்த ஆண்டு கடன்கொடுத்தவனுக்குத் தானியம் தர வேண்டியதில்லை, கடன் பலகையை நனைத்துத் திருத்திக்கொள்ளலாம், அந்த ஆண்டின் வட்டியும் இல்லை என்றிருக்கிறது. கடனுக்காக விற்கப்பட்ட மனைவியும் பிள்ளைகளும் மூன்று ஆண்டு உழைத்தால் நான்காம் ஆண்டு விடுதலை என்று 117ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காலத்தை விடுங்கள், என் தாத்தாவின் காலத்தோடு ஒப்பிட்டாலே அவர் உயர்ந்து நிற்கிறார். அளந்தால் இதுவும் தெரியும், மற்றதும் தெரியும். அளக்காமல் மொத்தமாக “நியாயமானது” என்று முத்திரை குத்தினால் இரண்டுமே தெரியாது.

“அந்தத் தூண் நடைமுறைச் சட்டமே இல்லை, அரசரின் புகழுரை, அக்கால வழக்குப் பலகைகள் அதை மேற்கோள் காட்டுவதே அரிது” என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் அறிவுறுத்தினார். நன்றி. அப்படியானால் எது தனக்குப் புகழ் சேர்க்கும் என்று அரசர் நினைத்தாரோ அதைத்தான் நாம் படிக்கிறோம். என் வாதம் இன்னும் வலுவாகத்தானே ஆகிறது? வலியவன் எளியவனை நசுக்காதபடி இதை எழுதினேன் என்று அவரே தூணின் முடிவுரையில் சொல்லியிருக்கிறார். ஒரு ஷெக்கல் உள்ளவனை ஒரு மினா உள்ளவனிடம் ஒப்படைக்கவில்லை என்று ஊர்-நம்முவின் முன்னுரை அதற்கு முன்பே பெருமைப்பட்டுக்கொண்டது. எளியவனைக் காப்பதுதான் நீதி என்ற அளவுகோலை நான் கண்டுபிடித்துக் கொண்டுபோய் அங்கே வைக்கவில்லை. பாபிலோனைச் சொல்லி வேறெங்கோ அடிக்கிறேன் என்பவர்களுக்கு: நான் பாபிலோனைப் பற்றித்தான் பேசுகிறேன். உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

“காலம்” என்பது ஒரே வாயால் பேசியதாக எப்படித்தான் நம்புகிறீர்களோ. ஹமுராபிக்கு நூறாண்டுகளுக்கும் முன்பு அதே நிலப்பரப்பிலிருந்த நிப்பூர் நகரில் லூ-இனன்னா என்ற பூசாரியை மூன்று பேர் கொன்றுவிட்டு, அதை அவர் மனைவி நின்-தாதாவிடம் சொன்னார்கள். அவள் வாய்திறக்கவில்லை. வழக்கு அரசர் ஊர்-நினுர்தாவிடம் போக, அவர் அதை நிப்பூர்ச் சபைக்கு அனுப்பினார். பறவை பிடிப்பவன், குயவன், தோட்டக்காரன் எல்லாம் பேசிய சபை அது. நால்வரையும் கொல்ல வேண்டும் என்று பலர் சொன்னபோது இருவர் எழுந்து, நின்-தாதா கணவனைக் கொன்றாளா, அவளைக் கொல்லும் அளவுக்கு அவள் செய்தது என்ன என்று கேட்டார்கள். சபை அந்த இருவர் பேச்சை ஏற்கவில்லை. நின்-தாதாவும் சாகட்டும் என்றே தீர்த்தது. எழுத்தர் பள்ளி மாணவர்கள் பிற்பாடு இந்த வழக்கைப் படியெடுத்துப் பயின்றார்கள், அந்த இருவரின் கேள்வியையும் சேர்த்து. அந்தச் சபையில் எழுந்து கேட்டவர்களுக்குப் பேசி முடிக்கும் வரை நேரம் கிடைத்திருக்கிறது என்பதையும் கவனித்தேன்.

அந்த இருவரும் இன்றைய கண்ணாடி போட்டவர்களா? தோற்ற தரப்பு காலத்தில் சேராது என்றால், வென்றவர்களின் விருப்பத்துக்குத்தான் நீங்கள் அளவுகோல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், நான் வாதத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

பின்னூட்டத்தில் “காலத்தின் சூழலைப் புரிந்துகொள்ளுங்கள் ஐயா” என்று எழுத நினைப்பவர்கள், எஷ்னுன்னாவின் 24ஆம் பிரிவையும் ஹமுராபியின் 116ஆம் பிரிவையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள். படிக்காமல் எழுதினால் பதில் சொல்ல மாட்டேன்.