ஓடிபி-யை யாரும் கேட்கவே இல்லை

“ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். என் சித்தப்பாவும் சொல்லவில்லை. பணம் போய்விட்டது.

ஒரு நாள் சாயங்காலம் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: “போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை. இன்றிரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே அதிகாரியை அழைக்கவும்.” கீழே ஒரு கைபேசி எண். அவர் கட்டணத்தை எப்போதோ கட்டிவிட்டார். ஆனால் “கட்டவில்லை” என்று சொன்னால் கோபம் வரும்; “பதிவாகவில்லை” என்றால் சந்தேகம்தானே வரும்? கட்டியவரையும் போன் செய்ய வைப்பது அந்த ஒரு சொல்தான். நேரத்தையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அலுவலகம் மூடியாகிவிட்டது, நேரில் போய்க் கேட்க வழியில்லை.

அழைத்தார். எதிர்முனையில் ரொம்ப மரியாதையான குரல். “பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க சார், கணக்கு அப்டேட் ஆகிவிடும்.” அதற்கு முன் ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். AnyDesk, TeamViewer மாதிரி, ஒருவர் திரையை இன்னொருவர் தூரத்திலிருந்து பார்க்க உதவும் செயலி. அது மோசடிச் செயலி அல்ல, கணினி பழுது பார்ப்பவர்கள் தினமும் பயன்படுத்துவதுதான். திரையில் வந்த எண்ணைக் கேட்டார்கள், “அனுமதி” என்பதை அழுத்தச் சொன்னார்கள். அவ்வளவுதான். சித்தப்பா பத்து ரூபாய்க்காக அட்டை எண்ணை அடிக்க அடிக்க அவர்களும் படித்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்கள் பெரிய தொகைக்கு முயன்றபோது வந்த ஓடிபி-யும் அதே திரையின் மேலேதான் எட்டிப் பார்த்தது. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தச் செய்தியில் மின் இணைப்பு எண்ணும் இல்லை, பாக்கித் தொகையும் இல்லை. ஆயிரம் பேருக்கு அனுப்பும் வலையில் அதெல்லாம் எப்படி இருக்கும்? ஆனால் இந்த அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தகவல் எங்காவது கசிந்திருந்தால் உங்கள் இணைப்பு எண்ணோடே செய்தி வரலாம். அனுப்பியவர் பெயரைப் போலியாகக் காட்டுவதும் முடியும்.

அதனால் செய்தியை ஆராய்வதைவிடக் கணக்கைப் பார்ப்பதுதான் சரி. பழைய ரசீதை எடுங்கள். அதில் அச்சடித்திருக்கும் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாக்கி இல்லையென்றால் விஷயம் முடிந்தது. இருந்தால் அங்கேயே கட்டிவிடலாம். உதவி எண்ணையும் ரசீதிலிருந்தே எடுங்கள். தேடுபொறியில் தேடினால் போலி எண்களும் வந்து நிற்கும், சில சமயம் விளம்பரமாகவே. க்யூஆர் குறியீட்டில் கட்டும்போது யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

செயலியை ஏற்கெனவே இறக்கிவிட்டீர்களா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து, அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணில் வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். செயலியை அப்புறம் நீக்கிக்கொள்ளலாம். சித்தப்பா அதை நீக்குவது எப்படி என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது முறையும் பணம் போனது.