45 புளியங்கொட்டை

தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் 8 வருடம் எல்கேஜி எடுத்தேன். 3 வருடமாகக் கிருஷ்ணகிரி பக்கம், பிள்ளைகள் பொருள்களைக் கையாண்டு தாங்களே கற்கும் மாண்டிசோரி முறையில் நடக்கும் ஒரு சின்னப் பள்ளியில் இருக்கிறேன். "மிஸ், எல்கேஜியா மாண்டிசோரியா, ரெண்டுல எது நல்லது?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பிள்ளை தப்பாகச் செய்தால், அது தப்பு என்று அவனுக்கு யார் சொல்கிறார்கள்?

எல்கேஜியில் நான்தான் சொன்னேன். 35 பிள்ளைகள். போர்டில் எழுதிப் போடுவேன், எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், அப்புறம் நோட்டில் எழுதுவார்கள், நான் சிவப்புப் பேனாவோடு சுற்றி வருவேன். அதில் ஒரு பெண் 1 முதல் 50 வரை வரிசை பிசகாமல் எழுதுவாள். ஒருநாள் அவளிடம் புளியங்கொட்டைக் கிண்ணத்தைக் காட்டி, "7 எடுத்துக் குடு கண்ணு" என்றேன். கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சரியா தப்பா என்பது அவளுக்கு என் முகத்தில்தான் இருந்தது. எழுதத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு எண்ணத் தெரியவில்லை. 8 வருடத்தில் எத்தனை பிள்ளைகளை அப்படி அனுப்பியிருப்பேனோ என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

இங்கே ஸ்பிண்டில் பாக்ஸ் என்று ஒரு மரப்பெட்டி இருக்கிறது. 0 முதல் 9 வரை எண் போட்ட பத்து அறைகள். கூடவே 45 மரக்குச்சிகள். பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணி, சேர்த்துக் கையில் பிடித்து, அந்தந்த அறையில் வைக்க வேண்டும். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் சரியாக 45. அதனால் 5-ஆம் அறையில் ஆறு குச்சி வைத்துவிட்டால், கடைசியில் 9-க்கு எட்டுதான் மிஞ்சும். அங்கே பிள்ளை நிற்கிறான். யாரும் திட்டவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. குச்சி போதவில்லை, அவ்வளவுதான். அவனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி எண்ணுவான். 0 அறை காலியாகவே இருக்கும். சுழியம் என்றால் ஒன்றுமில்லை என்பதை நான் பாடமாக நடத்திப் புரியவைத்ததே இல்லை. அந்தக் காலி அறை புரியவைக்கிறது.

ஆனால் இதையும் தூக்கிவைத்துப் பேச எனக்கு மனம் வராது. 5-இல் ஆறும் 6-இல் ஐந்தும் வைத்தால் மொத்தம் சரியாகவே வரும், பெட்டி காட்டிக்கொடுக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் வேண்டும். போன வருடம் குச்சிகள் சில உடைந்து போனதால், பதிலுக்குப் புளியங்கொட்டை வைத்தோம். நம் ஊரில் அதற்கா பஞ்சம்! ஒரு பையன் மூன்று முறை சரியாக எண்ணியும், 9-இல் ஒன்று குறைந்தது. நான்காவது முறை அழுதுவிட்டான். பிறகு பார்த்தால், ஒரு கொட்டை பாய்க்கு அடியில் உருண்டு கிடந்தது. அவன் செய்தது சரி, பொருள்தான் அவனிடம் பொய் சொல்லியிருக்கிறது. டீச்சர் தப்பாகத் திருத்துவதைவிட அது மோசம். ஏனென்றால் பொருளைத்தான் நம்பு என்று நாம்தானே அவனுக்குப் பழக்கியிருக்கிறோம்.

தமிழ் எழுத்துக்கு வந்தால் நான் பழைய எல்கேஜி டீச்சர்தான். இந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டிய அவருடைய உப்புத்தாள் எழுத்து அருமையான பொருள். விரல் தடம் மாறினால் சொரசொரப்பு போய் வழவழப்பு தட்டும், கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் 'ழ'வைத் தடவிக்கொண்டே பிள்ளை 'ள' என்று சொன்னால், அட்டை என்ன செய்யும்? 'கொ'வில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ 'க்'குக்குப் பின்னால் வருகிறது. இதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது நியாயமே இல்லை. காதால் கேட்டுத் திருத்த ஒரு ஆள் வேண்டும். சேர்ந்து சொல்வதும், பாட்டும், கதையும் வேண்டும். எங்கள் பள்ளியில் இதற்கு நேரம் குறைவு என்று நான் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

பள்ளியின் பெயர்ப்பலகையில் 'மாண்டிசோரி' என்று எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. சில பள்ளிகளில் அலமாரி நிறையப் பொருள் இருக்கும், 40 நிமிடத்துக்கு ஒருமுறை மணியும் அடிக்கும். பாதிப் பெட்டியில் பிள்ளையை எழுப்பிவிட்டால், அந்த ஒன்பதாவது அறைக்கு அவன் வந்து சேரவே மாட்டான். பிறகு பெட்டி எதற்கு? பார்க்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். ஒரு பிள்ளை தடுமாறும்போது கையிலிருப்பதைப் பார்க்கிறதா, டீச்சர் முகத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். அப்படியே பெட்டியில் எத்தனை குச்சி என்று எண்ணியும் பாருங்கள்.

நான் இப்போது தினமும் சாயங்காலம் 45-ஐயும் எண்ணிவைத்துவிட்டுத்தான் அலமாரியைப் பூட்டுகிறேன்.